பத்தியில் ஒரு தொகை, அட்டவணையில் ஒரு தொகை: மானிய பட்ஜெட் கேள்வி பதில்

பதில் சொல்பவர், திருவாரூர் பக்கம் பாரம்பரிய நெல் விதைக் குழுக்களுக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதிவரும் அக்கா.

மன்னார்குடி, உழவர் குழுச் செயலாளர்: "அக்கா, மானியம் தருபவர்கள் பட்ஜெட்டை அட்டவணையாகக் கேட்கிறார்கள். போட்டால் 4,86,200 வருது. நாங்க எழுதின பத்தியில் 4,40,000. எங்கே தப்பு?"

உங்கள் பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை, என்ன விலை என்ற இரண்டை மட்டும் பிடுங்கி எழுதினேன். பத்தியில் இருந்த தொகைகளை எடுக்கவே இல்லை.

| செலவு | அளவு | விலை | தொகை |
|---|---|---|---|
| ஒருங்கிணைப்பாளர், அரை நேரம் | 10 மாதம் | 9,000 | 90,000 |
| களப்பணியாளர் 2 பேர் | 20 ஆள்மாதம் | 9,000 | 1,80,000 |
| பயிற்சி | 24 | 3,500 | 84,000 |
| விதைநெல் | 600 கிலோ | 80 | 48,000 |
| போக்குவரத்து | 10 மாதம் | 4,000 | 40,000 |
| நிர்வாகம் 10% | | | 44,200 |
| மொத்தம் | | | 4,86,200 |

வித்தியாசம் 46,200. அதற்குள்ளும் நிர்வாகத்துக்கான 10% ஒளிந்திருக்கும் என்பதால் 1.1-ஆல் வகுத்தேன். 42,000 வந்தது. அது அப்படியே 12 பயிற்சியின் செலவு! "12 கிராமத்தில் தலா இரண்டு பயிற்சி" என்று எழுதியவர், கூட்டும்போது கிராமத்தைத்தான் எண்ணியிருக்கிறார், பயிற்சியை எண்ணவில்லை. வித்தியாசம் ஏதாவது ஒரு வரியோடு இப்படிப் பொருந்தினால் தப்பு அங்கேதான் இருக்கும்.

திருவையாறு: "இதெல்லாம் ரவுண்டிங்கில் வர்றதுதான். 'இதர செலவு'ன்னு ஒரு வரி போட்டு சரிக்கட்டினா போதாதா?"

ரவுண்டிங்கில் வித்தியாசம் வரும் என்பது சரிதான் தம்பி. ஆனால் அதனால் ஒன்றிரண்டு ரூபாய்தான் நகரும், 46,200 நகராது. 'இதர'வுக்கு அளவும் கிடையாது, விலையும் கிடையாது. நானே முன்பு ஒரு குழுவுக்கு அப்படி 15,000 போட்டுக் கொடுத்தேன். பணம் வந்து செலவான பிறகு, தணிக்கையில் அந்த வரிக்கு எந்த ரசீதை வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் குழு அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டியது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் அப்படிப் போட்டுக் கொடுப்பதில்லை.

மன்னார்குடி, மறுபடி: "அவங்க உச்சவரம்பு 4,50,000 அக்கா. அப்போ எதை மாத்துறது, பத்தியையா அட்டவணையையா?"

முதலில் வேலையைப் பாருங்கள். நாற்றங்காலுக்கு முன் ஒரு பயிற்சி, கதிர் வந்தபின் கலவன் நீக்க ஒரு பயிற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதை விட்டால் விதைநெல் சுத்தமாக இருக்காது, அதனால் அதை வெட்டச் சொல்ல மாட்டேன். ஆறாறு கிராமமாகச் சேர்த்து இரண்டு மையங்களில் நடத்துங்கள். பயிற்சி 14 ஆகும், 49,000 ரூபாய். நேரடிச் செலவு 4,07,000, நிர்வாகம் 40,700, மொத்தம் 4,47,700.

இப்போது அட்டவணையோடு பத்தியிலும் "தலா இரண்டு" போய், "கிராமத்துக்கு ஒன்றாக 12, இரண்டு மையங்களில் 2, ஆக 14" என்று வரவேண்டும். பழைய தொகை முகப்புக் கடிதத்திலும் சுருக்கத்திலும் இருக்கும். எழுத்தால் எழுதிய "நான்கு லட்சத்து நாற்பதாயிரம்" தேடலில் சிக்காது, அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

கும்பகோணம்: "நிர்வாகம் 10% என்றால் நேரடிச் செலவிலா, மொத்தத்திலா?"

நல்ல இடத்தில் கேட்டீர்கள். மொத்தத்தில் என்றால் 4,07,000-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். 4,52,222 வரும், வரம்பைத் தாண்டிவிடும். வழிகாட்டுக் குறிப்பில் தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். எதன் மேல் 10% என்பதைப் பத்தியிலும் எழுதிவிடுங்கள். வெளிநாட்டுப் பணமாக இருந்தால், வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்தின்படி, ஓர் ஆண்டில் வாங்கிய தொகையில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குப் போகக்கூடாது. அது தனிக் கணக்கு.

மயிலாடுதுறை: "எக்செல்லில் எல்லா எண்ணும் சரி, கூட்டல் மட்டும் குறையுது."

"ரூ. 48,000" என்று எழுத்தோடு அடித்திருப்பீர்கள். எக்செல் அதை எண்ணாக எடுக்காது, கூட்டாமல் தாண்டிப்போகும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம். சந்தேகமான கட்டத்தை இப்படிச் சோதியுங்கள்:

```
=ISNUMBER(D5)
```

FALSE வந்தால் வெறும் எண்ணை அடியுங்கள். வேர்டு அட்டவணையில் `=SUM(ABOVE)` போட்டிருந்தால், எண்ணை மாற்றியபின் அதைத் தேர்ந்தெடுத்து F9 அழுத்தும்வரை பழைய மொத்தமே நிற்கும்.

வேதாரண்யம்: "கஜாவுக்கு அப்புறம் வாய்க்காலை ஊரே சேர்ந்து தூர்வாரினோம், யாரும் கூலி வாங்கலை. இப்போ இன்னொரு வாய்க்காலுக்கு எழுதுறோம். அந்தக் கூலியை எந்த வரியில் போட்டு வாங்கலாம்?"

கொடுக்காத கூலியைக் கேட்க முடியாது ஐயா, முடிந்துபோன வேலைக்கும் கேட்க முடியாது. புதிய வாய்க்காலில் ஊர் இறங்கப்போகிறது என்றால் அட்டவணையில் 'கேட்பது', 'நம் பங்கு' என இரண்டு நெடுவரிசை பிரித்து, உழைப்பை இரண்டாவதில் காட்டலாம். பத்தியில் சொல்லும் மொத்தம் எந்த நெடுவரிசையின் மொத்தம் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். ஒரு நாள் உழைப்புக்கு என்ன விலை வைப்பது? நான் அரசின் ஊரக வேலைத் திட்டக் கூலியை வைப்பேன். ஊரில் உண்மையில் கொடுக்கும் கூலியைத்தான் வைக்கணும் என்று எங்கள் தணிக்கையாளர் சொல்கிறார். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.