‘புரிந்துகொள்வர்’ என்று எழுதினால் ஏன் அடிக்கிறார்கள்? கற்றல் நோக்கங்கள் எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

பி.எட். மாணவி: மேடம், ஏழாம் வகுப்பு அடர்த்திப் பாடத்துக்கு "மாணவர்கள் அடர்த்தி பற்றிப் புரிந்துகொள்வர்" என்று லெசன் பிளானில் எழுதினேன். வழிகாட்டி ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். புரிய வைக்கத்தானே பாடம் நடத்துகிறோம்?

புரிய வைக்கத்தான் நடத்துகிறோம் அம்மா. ஆனால் மணி அடிக்கும்போது நாற்பது பேரில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? தலையாட்டியதை வைத்தா? புரிந்த பிள்ளை என்ன செய்து காட்டும் என்பதைத்தான் அந்த வரியில் எழுத வேண்டும்.

கற்றல் நோக்கம் எழுதுவது பற்றி ராபர்ட் மேகர் 1962இல் சொன்ன மூன்று கேள்விகள் இன்றைக்கும் போதும். மாணவர் என்ன செய்வார்? எதை வைத்துக்கொண்டு, எந்த நிலைமையில் செய்வார்? எவ்வளவு சரியாகச் செய்தால் போதும்? உங்கள் வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: "வகுப்பில் பார்க்காத ஐந்து பொருள்களின் நிறையும் பருமனும் கொடுத்தால், சூத்திரத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றின் அடர்த்தியையும் கணக்கிட்டு, அது நீரில் மிதக்குமா மூழ்குமா என்று எழுதுவர், குறைந்தது நான்கு சரியாக இருக்க வேண்டும்."

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்த உடனே வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்துக்கான வினா கையில் வந்துவிடுகிறது. ‘அறிந்துகொள்வர்’, ‘தெளிவு பெறுவர்’, ‘உணர்வர்’ என்று முடியும் எல்லா வரிகளையும் இப்படியே சோதித்துப் பாருங்கள். அந்த வரியிலிருந்து நேராக ஒரு வினா எடுக்க முடியவில்லை என்றால் அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

அதே மாணவி: ஐந்துக்கு நான்கு என்றால் 80 விழுக்காடு. எல்லோரும் 80 என்றே எழுதுகிறார்கள். அதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

விதி எதுவும் இல்லை, பழக்கம்தான். அந்த எண்ணைவிட, குருட்டாம்போக்கில் எவ்வளவு சரியாக வரும் என்று பாருங்கள். ‘மிதக்கும்’, ‘மூழ்கும்’ என்று இரண்டே விடைதான். ஒன்றுமே தெரியாத பிள்ளை ஐந்துக்கும் ஏதோ ஒன்றைப் போட்டாலும், நான்கோ அதற்கு மேலோ சரியாக வர 32இல் 6 வாய்ப்பு உண்டு. அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பிள்ளை சும்மாவே தேறிவிடும். அதனால்தான் ‘அடர்த்தியைக் கணக்கிட்டு’ என்பதையும் வரிக்குள் வைத்தேன். கணக்கு எழுதாத விடைக்கு மதிப்பெண் இல்லை. மருந்தளவு கணக்கிடுகிற நர்சிங் மாணவிக்கு நான் 80 வைக்க மாட்டேன், அங்கே முழுதும் சரியாக இருக்க வேண்டும்.

பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர்: ப்ளூம் வகுத்த சிந்தனை நிலைகளுக்கு ஏற்ற வினைச்சொல் பட்டியல் ஒன்று எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ‘வரையறு’ என்றால் கே-1, ‘விளக்கு’ கே-2, ‘கணக்கிடு’ கே-3, ‘பகுத்தாய்’ கே-4. பட்டியலைப் பார்த்து வினைச்சொல்லைப் போட்டால் நிலை தானாக வந்துவிடுகிறது. இதில் ஏன் இவ்வளவு குழப்பம்?

பாதி சரி சார். பட்டியல் இருப்பதால்தான் ‘புரிந்துகொள்’ போன்ற சொற்கள் ஒழிகின்றன. ஆனால் நிலையை வினைச்சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. மாணவர் கையில் என்ன கொடுக்கிறோம், இதே மாதிரி ஒன்றை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறாரா என்பவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

உங்கள் துறையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மெஷ் அனாலிசிஸ் முறையில் சர்க்யூட்டைப் பகுத்தாய்க’ என்று இருந்தால் பட்டியல்படி கே-4. ஆனால் அதே மாதிரி பத்துக் கணக்கு போட்டுப் பழகிய மாணவர் என்ன செய்கிறார்? எண்களை மாற்றிப் போட்டுத் தெரிந்த வழியில் போகிறார். முறையின் பெயரில் ‘அனாலிசிஸ்’ இருப்பதாலேயே அது நான்காம் நிலை ஆகாது, கே-3தான்.

உண்மையிலேயே கே-4 வேண்டுமென்றால் வினாவை இப்படி அமைக்கலாம்: 12 வோல்ட் பேட்டரியோடு 4 ஓம், 2 ஓம் மின்தடைகள் தொடராக இணைந்திருக்கின்றன. கணக்குப்படி மின்னோட்டம் 2 ஆம்பியர் வர வேண்டும். மீட்டர் 3 ஆம்பியர் காட்டுகிறது. இரண்டில் ஒரு மின்தடைதான் ஷார்ட் ஆகியிருக்கிறது என்றால் அது எது, எப்படித் தெரியும்? 4 ஓம் ஷார்ட் ஆகியிருந்தால் 12ஐ 2ஆல் வகுத்து 6 ஆம்பியர் வரும். 2 ஓம் ஷார்ட் ஆகியிருந்தால் 12ஐ 4ஆல் வகுத்து 3. ஆகவே பழுது 2 ஓமில். கணக்கு எளிதுதான். ஆனால் எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நோக்கத்தை எழுதும்போது "எதிர்பார்த்த அளவும் மீட்டர் காட்டும் அளவும் கொடுத்தால், பழுதான உறுப்பைக் காரணத்துடன் அடையாளம் காண்பர்" என்று எழுதலாம். ‘அடையாளம் காண்’ உங்கள் பட்டியலில் கே-1இல் இருக்கும், பாருங்கள்!

இதே பழுது கண்டுபிடிக்கும் வினாவைப் பத்து முறை பயிற்சி கொடுத்துவிட்டுத் தேர்வில் கேட்டால் இதுவும் கே-3க்கு இறங்கிவிடும்.

அவரே: அப்படியானால் ஆடிட் வரும்போது எதைக் காட்டுவது? வருகிறவர்கள் வினைச்சொல்லைத்தானே பார்க்கிறார்கள்.

அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. என் வழி இது: பட்டியலோடு ஒத்துப்போகிற வினைச்சொல்லையே வரியில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே மாதிரி வினா ஒன்றை இணைத்துவிடுங்கள். மேலே உள்ளதற்கு ‘பகுத்தாய்ந்து, பழுதான உறுப்பைக் கண்டறிவர்’ என்று எழுதினால் இரண்டு பக்கமும் சரியாகிவிடும். நிலையை எப்படித் தீர்மானித்தோம் என்று யாராவது கேட்டால் அந்த மாதிரி வினா பதில் சொல்லும். கேட்காமலே போகிற ஆடிட்டர்களும் உண்டு, அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஒரு பெற்றோர்: என் பையனின் வினாத்தாளில் நிறைய இடத்தில் கே-1, கே-2 என்று போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பையனை எல்.கே.ஜி. லெவலில் வைத்திருக்கிறார்களா?

இல்லை சார், அது பையனுக்குப் போட்ட லெவல் இல்லை. அந்த வினாவுக்கு எந்த மாதிரி சிந்தனை வேண்டும் என்ற குறி. கே-1 என்றால் நினைவிலிருந்து எழுதினால் போதும். அது நிறைய இருந்தால் தாள் எளிது என்றும் சொல்லிவிட முடியாது. தனிம வரிசை அட்டவணையை மனப்பாடமாக எழுதச் சொன்னால் அதுவும் கே-1தான், ஆனால் எளிதா என்ன?

அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்: நான் ‘ஏன்’ என்று தொடங்கும் வினாக்களே கேட்கிறேன். "இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறது, ஏன்?" இது உயர்நிலைச் சிந்தனைதானே?

முந்தின நாள் அந்தக் கப்பலைப் பற்றி வகுப்பில் நீங்களே சொல்லியிருந்தால் அது நினைவுகூர்தல்தான் சார். எங்கள் பாடப்புத்தகங்களிலும் வழிகாட்டி நூல்களிலும் கப்பலும் ஆணியும் வராத வருடம் இல்லை. பிள்ளைகள் விடையை அப்படியே ஒப்பிப்பார்கள்.

அதே அடர்த்தியில் வேறொன்று முயன்று பாருங்கள். ஒரே உலோகத்தின் நான்கு திண்மத் துண்டுகளை ஒரு குழு அளந்ததாக அட்டவணை கொடுங்கள்: 54 கிராமுக்கு 20 மில்லி, 81 கிராமுக்கு 30 மில்லி, 108 கிராமுக்கு 45 மில்லி, 135 கிராமுக்கு 50 மில்லி. அளவு ஜாடியில் நீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்துத்தான் பருமனைக் கண்டார்கள். எந்த அளவீட்டில் சந்தேகம் வருகிறது, செய்முறையில் என்ன நடந்திருக்கலாம்?

மூன்றைக் கணக்கிட்டால் 2.7 வருகிறது. 108ஐ 45ஆல் வகுத்தால் மட்டும் 2.4. பிள்ளைகள் இதுவரை கண்டுபிடித்துவிடுவார்கள். ‘என்ன நடந்திருக்கலாம்’ என்பதில்தான் வகுப்பு பிரிகிறது. ஜாடியில் தண்ணீர் சிந்தியிருக்கலாம் என்று ஒரு பிள்ளை சொல்லும். துண்டைப் போட்டபோது தண்ணீர் வெளியே தெறித்திருந்தால் மட்டம் குறைவாகத்தான் காட்டும், பருமன் கூடாது என்று இன்னொரு பிள்ளை மறுக்க வேண்டும். துண்டின் அடியில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால், அல்லது துண்டைப் போட்ட பிறகு மட்டத்தை மட்டும் மேலிருந்து சாய்வாகப் பார்த்துப் படித்திருந்தால் பருமன் கூடும். நிறையைத் தவறாக எடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அட்டவணையை மட்டும் வைத்து அதைத் தள்ளிவிட முடியாது. அதையும் சொல்லுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

நர்சிங் டியூட்டர்: என் மாணவிகள் இரத்த அழுத்தம் அளப்பதற்கு ‘செயல்முறையை விவரிப்பர்’ என்று பழைய பாடத்திட்டத்தில் இருக்கிறது. எல்லோரும் நன்றாக விவரிக்கிறார்கள். வார்டில் கை நடுங்குகிறது.

விவரிக்கச் சொன்னீர்கள், விவரிக்கிறார்கள்! இங்கே வினைச்சொல்லே வேறு வேலையைக் குறிக்கிறது. மேலும் இது ப்ளூம் குழு 1956இல் வகுத்த அறிவுசார்ந்த ஆறு நிலைகளுக்குள் அடங்குகிற காரியமும் இல்லை, கைத்திறன். கே எண் போட்டே ஆக வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள்.

"உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குச் சாதாரண அழுத்தமானி கொண்டு அளப்பர், டியூட்டர் அதே நேரம் இரட்டை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட அளவிலிருந்து 4 அலகுக்குள் இருக்க வேண்டும்" என்று எழுதலாம். 4 என்பதை உங்கள் துறையே முடிவு செய்யட்டும். கஃபின் அளவைத் தேர்ந்தெடுப்பது, கையை இதய மட்டத்தில் வைப்பது போன்ற படிகளைச் செக்லிஸ்டாகத் தனியே வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் திணித்தால், பாதி செய்தவருக்கு என்ன மதிப்பெண் என்று தெரியாமல் போகும்.

தமிழாசிரியை: இதெல்லாம் அறிவியலுக்குச் சரி. "சங்கப் பாடலின் நயத்தை உணர்ந்து மகிழ்வர்" என்பதை எப்படி அளப்பீர்கள்? அளக்க முடியாது என்பதற்காக மகிழ்ச்சியை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் அதற்கு மதிப்பெண் போடவும் வேண்டாம். அளக்கிற வரியைத் தனியே எழுதுங்கள்: "முன்பு படிக்காத ஒரு பாடலில், ஓர் உவமை பேசுபவரின் மனநிலையை எப்படிக் காட்டுகிறது என்று பாடலிலிருந்தே இரண்டு சான்று காட்டி எழுதுவர்." இது செய்யக்கூடியது, திருத்தக்கூடியது.

அவரே: இரண்டு சான்றும் காட்டிவிட்டு, பாடலைக் கொஞ்சமும் ரசிக்காத பிள்ளை இருக்குமே? நோட்ஸில் உவமைக்கு என்ன எழுத வேண்டும் என்ற வாய்பாடு ஒன்று வைத்திருக்கும்.

இருக்கும். கலைக் கல்வி அறிஞர் எலியட் ஐஸ்னர் 1960களிலேயே இந்தச் சண்டையைப் போட்டார். கலை சார்ந்த பாடங்களில் விளைவை முன்கூட்டியே எழுதிவிட முடியாது, அனுபவத்தைத்தான் திட்டமிட முடியும் என்பது அவர் வாதம். நான் முழுதாக அந்தப் பக்கம் போகவில்லை, ஏனென்றால் அளக்கிற வரியே இல்லாத இலக்கிய வகுப்பு பெரும்பாலும் பொழிப்புரை சொல்வதில் முடிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்தப் பிள்ளையைப் பிடிக்க என்னிடமும் வினைச்சொல் இல்லை. ‘முன்பு படிக்காத’ என்ற நிபந்தனை நோட்ஸைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் வகுப்பில் வேறு ஏதாவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.