அப்பாவின் லைசென்ஸும் இடது பக்கக் கீறலும்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயசு. அடுத்த மாசம் கார் லைசென்ஸ் முடியுது. இந்த வயசுல புதுப்பிச்சுத் தருவாங்களா? மெடிக்கல் கஷ்டமா இருக்குமா?

தருவார்கள். சொந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தியச் சட்டத்தில் மேல் வயது வரம்பு கிடையாது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும், அது 40 தாண்டிய எல்லோருக்கும் உள்ளதுதான். தேதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள். முன்பு இருந்த 30 நாள் சலுகையை 2019 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். முடிந்து ஒரு வருஷம் கடந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

மெடிக்கல் சுலபமாக முடிந்துவிடும். எனக்கு வயிற்றெரிச்சலே அதில்தான்.

என் அப்பாவுக்கு அப்போது 71. படிவத்தில் கையெழுத்துப் போட்ட டாக்டர் அவர் கண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. எதையும் கேட்காமல் இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்.

மனசு கேட்காமல் தெருவில் டேப் பிடித்து அளந்து நானே அப்பாவை நிறுத்திப் பார்த்தேன். நம்பரை மளமளவென்று வாசித்தார். எனக்கும் நிம்மதி. ஆனால் மூன்று மாதத்தில் இடது பக்கக் கண்ணாடி இரண்டு தடவை கேட் தூணில் உரசியது. "தூண் இருந்ததே தெரியலடா" என்றார். கவனக்குறைவு என்று சத்தம் போட்டேன், இன்றும் அது உறுத்துகிறது.

கண் டாக்டர் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார். நேராகப் பார்த்தபடியே, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். இடது ஓரத்துப் புள்ளிகளில் பாதிக்கு மேல் அப்பா அழுத்தவே இல்லை. கிளாக்கோமா. நடுப்பார்வை நன்றாக இருக்கும்போதே ஓரத்தை அரித்துவிடும், வலியும் இருக்காது. நம்பர் பிளேட் வாசிப்பது நடுப்பார்வைதான், அதனால் என் டேப் அளவிலும் மாட்டவில்லை. சொட்டு மருந்து மேற்கொண்டு கெடாமல் காக்கும், போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். அப்பா அன்றே சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

வயதானவர்களை வீட்டில் முடக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 80 வயதிலும் அழகாக ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். காரை விட்ட அப்பா டவுன் பஸ்ஸுக்குப் போனால் முதல் படியே முழங்கால் உயரம், ஏறுவதற்குள் விசில் அடித்துவிடுகிறார்கள். அந்தக் கோபம் தனி.

முதலில் உங்கள் அப்பாவின் வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். ஒரே பக்கத்தில் புதுக் கீறல்கள் இருந்தால், படிவத்துக்கு முன்னால் ஃபீல்டு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.