டிஷ் நேராக இருந்தும் சிக்னல் இல்லை: எல்.என்.பி.யை மாற்றுமுன் கேபிளைப் பாருங்கள்

"ஐயா, சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்ட வீட்டில் இருக்கிறோம். போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு டிகோடர் 'சிக்னல் இல்லை' என்கிறது. கூரையில் சிக்னல் மீட்டர் வைத்துப் பார்த்தவர் டிஷ் திசை சரி என்றார். எல்.என்.பி. போய்விட்டதா? புதிது வாங்கலாமா?"

டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சிறு கருவியான எல்.என்.பி.யை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அவர் மீட்டரை எங்கே இணைத்தார் என்று முதலில் கேளுங்கள். கூரையில் எல்.என்.பி.யிலிருந்து உங்கள் கேபிளைக் கழற்றிவிட்டு, தம்முடைய சிறு கேபிளால் மீட்டரை இணைத்துச் சிக்னலைப் பார்த்திருந்தால், திசையோடு எல்.என்.பி.யும் வேலை செய்கிறது என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. ஏனெனில் அந்த மீட்டர்தான் எல்.என்.பி.க்கு மின்சாரமும் கொடுத்திருக்கும். அப்படியானால் பழுது கேபிளிலோ, அதன் இரு முனை கனெக்டர்களிலோ, டிகோடரிலோதான் இருக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை என்றால், டிகோடரையும் ஒரு சிறிய டிவியையும் டிஷ்ஷின் அருகே கொண்டுசென்று, இரண்டு மீட்டர் நீளப் புதுக் கேபிளால் நேரடியாக எல்.என்.பி.யில் இணைத்துப் பாருங்கள். படம் வந்தால் எல்.என்.பி.யை மறந்துவிடலாம். கேபிளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் டிகோடரின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். ஈரமான ஜிங்க் கூரையில் ஏறவே கூடாது.

மழை பெய்யும்போது மட்டும் படம் போய், மழை விட்ட சில நிமிடங்களில் திரும்பினால், அது வானத்தில் உள்ள நீர் சிக்னலைத் தடுப்பதால் வருவது, வீட்டில் பழுதில்லை. மழை நின்று வெயில் அடித்த பிறகும் மணிக்கணக்கில் வராமல் இருப்பதும், ஓரிரு நாள் காய்ந்த பின் கொஞ்சம் வந்து அடுத்த மழையோடு மீண்டும் போவதும், கேபிளுக்குள் நீர் புகுந்ததன் அடையாளங்கள். இதற்கு மாறாக, மழையே இல்லாத நாளில் உச்சி வெயிலில் போய் இரவில் திரும்பினால் எல்.என்.பி.யைச் சந்தேகிக்கலாம், அதன் வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடி வெடித்து உள்ளே நீரோ குளவிக்கூடோ இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

கேபிளைச் சோதிக்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிகோடர் அதே கேபிள் வழியாக, சேனலைப் பொறுத்து 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை எல்.என்.பி.க்கு அனுப்புகிறது. கூரை முனையில் மல்டிமீட்டரை வைத்ததும் 18 வோல்ட் காட்டினால், கேபிள் நல்லது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் எல்.என்.பி.யிலிருந்து இறங்கி வரும் சிக்னலோ ஏறத்தாழ 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடுகிறது. கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வலைக்கம்பிக்குள் ஊறிய நீர் நேர்மின்சாரத்தைப் பெரிதாகத் தடுக்காது. இந்த உயர் அதிர்வெண்ணையோ உறிஞ்சிவிடும். எனவே வோல்ட் இல்லை என்றால் கேபிள் கெட்டது என்று சொல்லலாமே தவிர, வோல்ட் இருக்கிறது என்பதற்காக நல்லது என்று சொல்ல முடியாது.

சற்று நம்பகமான சோதனை, சுமை கொடுத்து அளப்பது. கூரை முனையில் நடுக்கம்பிக்கும் வலைக்கம்பிக்கும் இடையே 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சில நொடிகள் மட்டும் வைத்து வோல்ட்டைப் பாருங்கள் (அது சூடாகும்). 25 மீட்டர் நீளமுள்ள நல்ல ஆர்ஜி-6 கேபிளில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே இறங்கும். இந்தப் பக்கத்துத் தோட்ட வீடு ஒன்றில் சுமையில்லாமல் 18 வோல்ட் காட்டிய கேபிள், ரெசிஸ்டரை வைத்ததும் 11 வோல்ட்டுக்கு விழுந்தது. நடுவில் கறுப்பு டேப் சுற்றியிருந்த ஒட்டைப் பிரித்தபோது கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு. உறையை உரிக்க உரிக்க அலுமினிய வலைக்கம்பி வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. ஈரத்தில் மின்சாரமும் ஓடுவதால் நடுக்கம்பியின் செம்பு வேகமாக அரிக்கப்பட்டுவிடுகிறது.

அதனால் உங்கள் கேபிளின் கூரை முனையைக் கழற்றி, உறையை ஒரு சாண் உரித்துப் பாருங்கள். வலைக்கம்பி பளபளப்பாக இருந்தால் முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டால் போதும். கறுத்தோ தூளாகியோ இருந்தால் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். வெயிலில் காயவைப்பதால் பயனில்லை, ஏனெனில் நீர் வலைக்கம்பி வழியே பல மீட்டர் இறங்கியிருக்கும்.

புதுக் கேபிளை நடுவில் ஒட்டில்லாமல் ஒரே நீளமாக இழுங்கள். திருகி மாட்டும் கனெக்டரைவிட, கருவியால் அமுக்கிப் பொருத்தும் வகை நல்லது; வலைக்கம்பியின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. பேராக்கிலிருந்து பார்த்தால், 91.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள மீசாட் துணைக்கோள் ஏறத்தாழ 77 பாகை உயரத்தில், அதாவது தலைக்கு மேலேயே இருக்கிறது. அதனால் டிஷ் மல்லாந்து நிற்கிறது, எல்.என்.பி. கனெக்டர் எந்தப் பக்கம் பார்த்தபடி நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கேபிள் மேலிருந்து இறங்கி அதற்குள் நுழையாமல், கீழே ஒரு வளைவு கொடுத்து மேலேறி நுழைந்தால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கனெக்டரின்மேல், இழுத்துச் சுற்றினால் தானே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைப் பயன்படுத்துங்கள். சாதாரணக் கறுப்பு டேப் நம் வெயிலில் விரைவில் பிசின் இளகிவிடும். காடி வாடை வீசும் சிலிகோனோ செம்பையே அரிக்கும்.

புதுக் கேபிளை மாட்டுமுன் டிகோடரின் பின்பக்கத் துளையையும் பாருங்கள். பழைய கேபிள் வழியே இறங்கிய நீர் அங்கேயும் களிம்பு கட்டியிருந்தாலோ, சிறு கேபிளால் எல்.என்.பி.யில் நேரடியாக இணைத்தும் டிகோடர் 'சிக்னல் இல்லை' என்றே காட்ட, மீட்டர் மட்டும் நல்ல சிக்னலைக் காட்டினாலோ, டிகோடரைத்தான் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும்.