‘எழுபது சதவீதம் பட்டன் இருக்கு’ என்றால் எதை நம்புவது?

கேள்வி: என்னிடம் 2014 ஸ்விஃப்ட் இருக்கிறது. முன் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன. புதிது ஒன்று 4,800 ரூபாய் சொல்கிறார்கள். எங்கள் மெக்கானிக் ஒரு பழைய டயர் கடைக்கு அழைத்துப்போனார். 165/80 ஆர்14, “ரெண்டு வருஷ டயர், எழுபது சதவீதம் பட்டன் இருக்கு” என்று சொல்லி, ஒன்று 1,800 கேட்கிறார்கள். போட்டோ அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா, சார்? எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், ஈரோடு

இந்த இரண்டும் வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய முதல் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். டயரைச் சுற்றி ஓடும் நீளமான பள்ளங்கள் நல்ல ஆழமாகத் தெரிகின்றன. ஆனால் பட்டன்களின் மேல், அதாவது பள்ளங்களுக்கு நடுவே ரோட்டில் படும் ரப்பர் கட்டிகளின் மேல், இருக்க வேண்டிய மெல்லிய கீறல்கள், பிளேடால் கிழித்ததுபோல இருக்குமே, அவை ஒன்றுகூட இல்லை. பெரிய பள்ளம் இவ்வளவு ஆழமாக இருக்கும்போது அந்தக் கீறல்கள் மட்டும் தேய்ந்து மறையாது. மொட்டை டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை வெட்டி ஆழப்படுத்தியிருக்கிறார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம்.

நேரில் பார்த்தால் இன்னும் எளிதாகத் தெரியும். டயரின் தோள்பட்டையில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் விரலை விட்டால் ஒரு சின்ன மேடு தட்டுப்பட வேண்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். காருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு அது. கத்தி போட்ட டயரில் அந்த மேடே இருக்காது, அல்லது பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் வார்த்த பள்ளத்தின் அடி வழவழப்பாக இருக்கும். கத்தி போட்டதில் சொரசொரப்பும், கத்தி நின்று நின்று போன தடமும் விரலுக்கே தெரியும்.

“லாரிக்கே வெட்டி ஓட்டுறாங்க, சார்” என்று கடைக்காரர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் அந்த லாரி, பஸ் டயரின் பக்கவாட்டில் ‘ரீக்ரூவபிள்’ என்று ஆங்கிலத்தில் அச்சில் வார்த்திருப்பார்கள். பின்னால் வெட்டுவதற்கென்றே பள்ளத்துக்குக் கீழே கூடுதல் ரப்பர் வைத்துச் செய்த டயர் அது. அந்தச் சொல் இல்லாவிட்டால் லாரி டயரையும் வெட்டக் கூடாது. அந்தச் சொல் இருந்தாலும் எத்தனை மில்லிமீட்டர் வெட்டலாம் என்பதற்கு டயர் கம்பெனி சொல்லும் அளவு உண்டு. உங்கள் கார் டயரில் அந்தக் கூடுதல் ரப்பர் கிடையாது. பள்ளத்துக்கு அடியில் மெல்லிய ரப்பர், அதற்குக் கீழே நேராகக் கம்பி. கத்தி அந்த மெல்லிய ரப்பரைத்தான் எடுத்திருக்கிறது. ஒரு கூரான கல் குத்தினால் தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும், பிறகு ஒரு நாள் வேகமாகப் போகும்போது பட்டன் பட்டையாகக் கழன்று வரும். ஆகவே லாரிக் கதையை உங்கள் காருக்குச் சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது வயது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் டயரின் பிறந்த தேதி. உங்கள் இரண்டாவது போட்டோவில் அது 4118. அதாவது 2018-ஆம் ஆண்டின் 41-வது வாரம், அக்டோபர் மாதம். “ரெண்டு வருஷ டயர்” என்று சொன்னது அப்பட்டமான பொய். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கத்தைச் சுவரோடு சாய்த்து வைத்திருப்பார்கள். புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணைத் தேய்த்து அழித்திருந்தால் அதற்கு மேல் பேசவே வேண்டாம். நம் வெயிலில் ஓடிய டயர் ஆறு வயதைத் தாண்டிவிட்டால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் காசு கொடுத்து வாங்காதீர்கள். ரப்பர் இறுகிவிடும், மழையில் பிடிக்காது. பளபளவென்று மின்னும் பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம். சோப்புத் தண்ணீர்த் துணியால் பக்கவாட்டை அழுத்தித் துடைத்துவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் ரப்பரை விரித்துப் பாருங்கள். பாலிஷ் மறைத்திருந்த மயிரிழை வெடிப்புகள் அப்போது வாய் திறக்கும்.

இனி நான் எல்லோரிடமும் சண்டை போட்டுச் சொல்கிற விஷயம்: டயரின் உள்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தேய்மானத்தை வெளியே பார்க்கிறோம். அது எதைச் சொல்கிறது என்பது உள்ளேதான் இருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பழைய வண்டியின் அலைன்மென்ட் கோளாறு. இவை இரண்டிலும் நஷ்டம் பட்டனில்தான் பெரும்பாலும். ஆனால் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நன்றாக இருந்தால் உஷாராகிவிடுங்கள். போதுமான காற்றில்லாமல் நாள்கணக்கில் ஓடிய டயர் அது. பக்கவாட்டு ரப்பர் மடங்கி மடங்கிச் சூடாகி உள்ளே இருக்கும் நூல் செத்திருக்கும்.

மொபைல் டார்ச்சை உள்ளே அடியுங்கள். பக்கவாட்டின் உட்புறத்தில் வட்டமாக ஒரு மடிப்புத் தடம், தேய்ந்து நிறம் மாறிய பட்டை, கையில் ஒட்டும் கறுப்பு ரப்பர் தூள், இவற்றில் எது இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. ஒட்டுப்போட்ட பேட்சும் அங்கேதான் தெரியும். வெளியே சூடுவைத்து அடைத்துப் பாலிஷ் போட்டுவிட்டால் பக்கவாட்டு வெட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. உள்ளே ஒட்டியிருக்கும் சதுரத் துண்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டுப்போட்ட டயரை விலைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

“முதல்ல ரிம்மில ஏத்திருவோம், அப்புறம் பேசிக்கலாம்” என்பார்கள். ஏற்றிவிட்டால் உள்பக்கம் மூடிவிட்டது, உங்கள் பேச்சும் முடிந்துவிட்டது. மெக்கானிக்கே அழைத்துப்போன கடை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 1,800-இல் அவருக்கு ஒரு பங்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். தனியாகப் போங்கள்.

சரி, நேர்மையான டயராகவே இருந்தாலும் கணக்கு எப்படி வருகிறது? உங்கள் கார் அளவுக்குப் புது டயரில் பட்டன் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். கடைசி 1.6-ஐக் கழித்தால் ஓட்டக் கிடைப்பது 6.4. நான்கு மில்லிமீட்டர் மிச்சமுள்ள பழைய டயரைப் பாதி டயர் என்று விற்பார்கள், ஓட்டக் கிடைப்பது 2.4 மட்டுமே. 4,800-ஐ 6.4-ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 750 ரூபாய். 1,800-ஐ 2.4-ஆல் வகுத்தாலும் அதே 750! புது டயர் விலையைத்தான் பழைய டயருக்குக் கொடுக்கிறீர்கள். மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே நான் மாற்றச் சொல்வேன். அப்படிப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மில்லிமீட்டர்.

இதையெல்லாம் வாங்குகிறவர் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியில் இருக்கும் டயருக்கு 1.6 என்று விதி எழுதியவர்கள், அதை விற்கும் கடையில் யார் அளந்து பார்ப்பது என்று எழுதவில்லை. சொந்தக் காருக்குப் பதிவு முடிகிற 15 வருஷம் வரை எஃப்.சி.யும் கிடையாது. புகைச் சான்றிதழ் கேட்டு வண்டியை நிறுத்துகிறவர்கள் டயர் பக்கம் குனிவதே இல்லை.

பழையதுதான் வாங்க முடியும் என்றால், புது கார் எடுத்தவுடன் அலாய் வீலுக்கு மாறுகிறவர்கள் கழற்றிப்போடும் டயரைத் தேடுங்கள். பட்டன் முழுதாக இருக்கும், தேதியும் புதிதாக இருக்கும். இரண்டின் தேதியும் பிராண்டும் ஒன்றாக இருக்கட்டும். மாட்டும்போது அவற்றைப் பின்னால் போட்டு, இப்போது பின்னால் இருப்பவற்றை முன்னால் கொண்டுவாருங்கள். ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால்தான் கார் சுழலும். இப்போது பின்னால் இருப்பவையும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நான்கையும் சேர்த்து யோசிக்க வேண்டிய நேரம் அது.