“உன்னைத் தவறவிடுகிறேன்” என்று எழுதினால் ஏன் சிரிப்பு வருகிறது?

கேள்வி: டீச்சர், வணக்கம். எனக்கு மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமம். எனக்கு நிச்சயமாகியிருக்கும் பெண்ணுக்குப் பூர்வீகம் காரைக்கால், பிறந்து வளர்ந்தது பிரான்சில். வீட்டில் தமிழ் பேசுவாங்க, எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. ‘ஐ மிஸ் யூ’ என்று சொல்ல நினைத்து, “நான் உன்னைத் தவறவிடுகிறேன்” என்று தமிழில் எழுதினேன். “எந்த ஸ்டேஷன்ல?” என்று கேட்டுச் சிரிச்சாங்க. சரி, பிரெஞ்சிலேயே எழுதுவோம் என்று அகராதியைப் பார்த்து “ஜெ தெ மான்க்” என்று எழுதினேன். “அவ்வளவு நிச்சயமா உங்களுக்கு?” என்று பதில் வந்தது. எங்கே தப்பு? இரண்டு மொழியிலும் எப்படி எழுதணும்? எழுதிய கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் பிரெஞ்சைப் பார்ப்போம். அங்கே பொருளே தலைகீழாகிவிட்டது. “ஜெ தெ மான்க்” என்றால் “நான் இல்லாமல் நீ தவிக்கிறாய்” என்று அர்த்தம். உங்கள் தவிப்பைச் சொல்லப் போய், அவர் உங்களுக்காகத் தவிப்பதாக நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவருடைய பதில் இப்போது புரிகிறதல்லவா? நீங்கள் எழுதியிருக்க வேண்டியது “து மெ மான்க்”. ஒரு எழுத்து மாறிப்போன பிழை இல்லை இது. யார் எழுவாய் என்பதே மாறிவிட்டது.

இந்த வினைச்சொல்லுக்கு அடிப்படைப் பொருள் ‘குறைதல்’. கடையில் சில்லறை பத்தாமல் போனாலும் பிரெஞ்சுக்காரர் இதே சொல்லைத்தான் சொல்வார். நாம் “எனக்குப் பத்து ரூபா குறையுது” என்போமே, அச்சாக அதே அமைப்பு. குறைகிற பொருள்தான் எழுவாய். குறையை உணர்கிறவர் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்பார். ஆள் விஷயத்திலும் அப்படியே. ‘து’ என்றால் நீ, ‘மெ’ என்றால் எனக்கு. நீ எனக்குக் குறைகிறாய். ஆங்கிலத்தில் ‘நான்’ முன்னால் நின்று, ‘உன்னை’ என்று செயப்படுபொருள் வரும். அந்த வரிசையை அப்படியே பிரெஞ்சில் பதித்தீர்கள், ஏக்கம் ஆள் மாறிப்போனது.

இப்போது உங்கள் தமிழ் வரி. ‘மிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் பல வேலைகள் ஒன்றாகக் கிடக்கின்றன. எறிந்த கல் குறி தப்புவது, பஸ்ஸை விட்டுவிடுவது, பொருள் காணாமல் போவது, ஆளை நினைத்து ஏங்குவது எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். தமிழில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி வீடு. குறி தப்பும், பஸ்ஸை விட்டுவிடுவோம், செருப்பைக் காணோம், ஆளுக்காக ஏங்குவோம். அகராதியில் முதலில் கிடைத்தது பஸ் வீடு, நீங்கள் அங்கே கதவைத் தட்டிவிட்டீர்கள். அதனால்தான் அவர் ஸ்டேஷன் பெயர் கேட்டார். தமிழ் அரைகுறை என்று நீங்கள் நினைக்கும் அந்தப் பெண்ணின் காது சரியாகத்தான் இருக்கிறது.

சரி, பிரெஞ்சு அமைப்பு தமிழோடு ஒட்டுகிறதே, அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் ஆகாது. “நீ எனக்குக் குறைகிறாய்” என்று எழுதிப் பாருங்கள். ரூபாய்க்குப் பொருந்திய ‘குறை’ மனிதருக்குப் பொருந்தவில்லை. ஆளைப் பற்றிய பேச்சில் ‘குறை’ வந்தாலே நம் ஊரில் குற்றம் சொல்வதாகத்தான் காதில் விழும். வாக்கியத்தின் எலும்பு ஒத்துப்போனாலும், சொல் பழகிய இடம் வேறாக இருந்தால் வரி நிற்காது. நீங்கள் காதல் வரி எழுதும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். யாருக்கு உணர்ச்சி, யார் எழுவாய் என்பது ஒன்று. அந்தச் சொல்லை இதற்கு முன் யார் யாரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறோம் என்பது இன்னொன்று.

முதல் விஷயத்தில் தமிழுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உடம்பிலும் மனதிலும் தானாக வருவதை நாம் பெரும்பாலும் ‘நான்’ போட்டுச் சொல்வதில்லை. எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது, எனக்கு உன் ஞாபகமாவே இருக்கு, எனக்கு உன்னைப் பிடிக்கும். உணர்ச்சி நம்மிடம் வந்து சேருகிறது, நாம் அதைச் செய்வதில்லை. ‘நான்’ என்று தொடங்கி ‘கிறேன்’ என்று முடித்தால், பெரும்பாலும் வேண்டுமென்று செய்கிற வேலை போலாகிவிடும்: வயலுக்குப் போகிறேன், மனு கொடுக்கிறேன். “நான் உன்னைக் காதலிக்கிறேன்” என்ற வரி விறைப்பாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, அது எழுத்துத் தமிழ். வீட்டுத் திண்ணையில் அந்த முழு உருவத்தில் யாரும் பேசுவதில்லை. அது இலக்கணப் பிழை இல்லை. ஆனால் சொல்கிறவர் மேடை ஏறி மைக்கைப் பிடித்துவிட்டது போல இருக்கும். பிரெஞ்சில் ‘ஜெ’ என்ற ‘நான்’ இல்லாமல் வாக்கியமே நடக்காது. நமக்கு ‘ஏன்’ என்ற விகுதியிலேயே ‘நான்’ இருக்கிறது. அதையும் சொல்லி இதையும் சொன்னால் ‘நான்தான், நான்தான்’ என்று மார்பில் தட்டுவது போலாகிவிடும்.

ஏக்கத்துக்கு நம் பக்கத்தில் நல்ல சொற்கள் இருக்கின்றன. குழந்தை அழுதால் “அம்மாவைத் தேடுது” என்கிறோம். பெரியவர்களுக்கும் அது பொருந்தும். என் பாட்டி, மகன் லீவு முடிந்து கப்பலேறிப் போன வாரத்தில், “ரொம்பத் தேடுதுடி” என்று மட்டும் சொல்வார். யாரை என்றுகூடச் சொல்ல மாட்டார். “நீ இல்லாம ஒரு மாதிரியா இருக்கு” என்பதும் அப்படித்தான். ‘மிஸ் பண்றேன்’ தவறா என்றால், இல்லை. இன்று நம் பிள்ளைகள் வாயில் அது தமிழாகவே புழங்குகிறது, போனில் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எடுத்து வைத்துப் படிக்கப்போகிற கடிதத்தில் அது மெலிந்து தெரியும் என்பது என் எண்ணம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத இரண்டு இடங்கள் இருக்கின்றன. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிரெஞ்சுப் பகுதியின் தொடக்கத்தில் ‘கண்ணே’ என்பதை ‘என் கண்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறீர்கள். பிரெஞ்சில் ‘என் கண்!’ என்று தனியாகச் சொன்னால் “அட போப்பா, யார்கிட்ட கதை விடுற!” என்று அர்த்தம். நம்பமாட்டேன் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் தொடர் அது. நாம் கொஞ்சுவதற்குச் சொல்வது அங்கே கேலியாகிவிடும். இதேபோல அங்கிருந்து இங்கே வந்தாலும் விபரீதம்தான். பிரெஞ்சில் கொஞ்சும்போது ‘என் முட்டைக்கோசே’ என்பதும் ‘என் தெள்ளுப்பூச்சியே’ என்பதும் சாதாரணம். அவர் அப்படி எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் ‘செல்லம்’தான் அது. உங்களுக்கு ஒரு சொல் வேண்டுமென்றால் ‘மோன் த்ரெசோர்’ என்று எழுதுங்கள். ‘என் புதையல்’ என்று பொருள். நம் ‘தங்கம்’ நிற்கிற இடத்தில் அது அழகாக நிற்கும். சொல்லுக்குச் சொல் போனாலும் சரியாக வந்து சேர்கிற அபூர்வமான சொற்களில் இது ஒன்று.

அடுத்தது, ‘ஜெ தேம்’ என்பதோடு ‘பியேன்’ சேர்த்திருக்கிறீர்கள். ‘பியேன்’ என்றால் ‘நன்றாக’ என்று அகராதி சொல்லியிருக்கும். ரொம்பப் பிடிக்கும் என்று அழுத்திச் சொல்ல நினைத்திருப்பீர்கள். நம் மொழியில் ‘ரொம்ப’ சேர்த்தால் அன்பு கூடும். பிரெஞ்சில் இந்த இடத்தில் ‘பியேன்’ சேர்த்தால் குறையும். ‘ஜெ தேம்’ என்று தனியாக நின்றால் காதல். ‘பியேன்’ சேர்ந்தால் “நீ நல்ல பிள்ளை, உன்னை எனக்குப் பிடிக்கும்” என்ற அளவுக்கு இறங்கிவிடும், நண்பரிடம் சொல்வது போல. நிச்சயமான பெண்ணுக்கு அதை அனுப்பினால் அவர் இரவெல்லாம் யோசிப்பார். எடுத்துவிடுங்கள்.

நான் காரைக்காலில் இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். 1962-இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு அங்கிருந்து வரும் கடிதங்களைத் தமிழில் சொல்லி, பதிலைப் பிரெஞ்சில் எழுதித் தருவேன். பென்ஷன் காகிதத்தில் சொல்லுக்குச் சொல் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் பேத்தி பாட்டிக்கு எழுதிய வரியில் முதலில் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். “இந்தப் பிள்ளை இப்போது இங்கே எதிரில் நின்றால் வாயில் என்ன வரும்?” என்று கேட்டுக்கொண்டு, வந்ததை எழுதிவிட்டு, அப்புறம்தான் தாளைத் திருப்பி விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பார்ப்பேன். நீங்களும் ஆங்கில வரியை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். எழுதியதை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் படித்துக் காட்டி, “யார் யாருக்காக ஏங்குறாங்க?” என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவர் ஒரு கணம் தயங்கினாலும் வரியில் கோளாறு இருக்கிறது.

உங்கள் வரிகளை நான் இப்படி மாற்றுவேன். “நான் உன்னைத் தவறவிடுகிறேன்” என்பதற்கு: “நீ ஊருக்குப் போனதுலேர்ந்து ரொம்பத் தேடுது.” “நான் உன்னை மிகவும் நேசிக்கிறேன்” என்பதற்கு: “எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்.” இதில் ‘பிடிச்சிருக்கு’ என்று போட்டுவிடாதீர்கள். அது பெண் பார்த்துவிட்டு வந்த அன்று சொல்கிற சொல், இப்போதுதான் பார்த்து முடிவு செய்தது போலிருக்கும். ‘பிடிக்கும்’ என்றால் நேற்றும் நாளையும் அதற்குள் அடங்கிவிடும். “நீ என் உலகம்” என்ற வரியை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, அவர் வந்திருந்தபோது நடந்த ஒன்றை எழுதுங்கள். கடிதத்தின் கீழே அடித்துவிட்டிருக்கிறீர்களே, காவேரிக் கரையில் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. அதை ஏன் அடித்தீர்கள்? அது அப்படியே இருக்கட்டும்.

பிரெஞ்சில் இரண்டே வரி போதும்: “து மெ மான்க். ஜெ தேம்.” முதல் வரியில் வினைச்சொல்லின் கடைசியில் ஒரு ‘எஸ்’ எழுத வேண்டும், உச்சரிப்பில் வராது. ‘நீ’ எழுவாயாக இருப்பதற்கு அதுதான் எழுத்தில் அடையாளம்.

அவர் பதிலில் உங்களை ‘து’ என்று எழுதுவார், அதையே தமிழில் ‘நீ’ என்றும் எழுதிவிடலாம். பிரான்சில் இன்று மனதுக்கு நெருங்கியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் ‘து’ என்றுதான் அழைப்பார்கள், ‘நீங்க’ என்பதற்கு ஈடான சொல் அங்கே விலகி நிற்பதைக் காட்டும். உங்கள் அம்மா கடிதத்தைப் படிக்கக் கேட்டால், அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.