மினிமம் டியூ கட்டினால் வட்டி வராதா?

கேள்வி: புதிதாக கிரெடிட் கார்டு வாங்கியிருக்கிறேன். முதல் பில்லில் மொத்தத் தொகை 20,000, மினிமம் டியூ 1,000 என்று இருக்கிறது. கடைசித் தேதிக்குள் 1,000 மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி வராதுதானே? 50 நாள் வரை வட்டி கிடையாது என்றுதான் சொன்னார்கள்.

பதில்: வரும். மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, கடன் வரலாற்றில் தவணை தவறியதாகப் பதிவாகாது. அதனால் கிடைக்கும் பலன் அவ்வளவுதான். வட்டியில்லாத அந்த கிரேஸ் பீரியட், மொத்தத் தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்டுபவர்களுக்கு மட்டும் உள்ள சலுகை.

அந்த 50 நாளும் எல்லாச் செலவுக்கும் கிடைப்பதில்லை. உங்கள் பில் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி போடப்படுகிறது, கட்ட வேண்டிய கடைசி நாள் 30 என்று வைத்துக்கொள்வோம். மே 11 அன்று வாங்கிய பொருளுக்கு ஜூன் 30 வரை 50 நாள் கிடைக்கும். ஜூன் 9 அன்று வாங்கியதும் அதே பில்லில் ஏறிவிடும் என்பதால் அதற்கு 21 நாள்தான்.

சரி, அந்த 20,000 மே 15 அன்று செய்த ஒரே செலவு, வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று கொள்வோம். ஜூன் 30 அன்று 1,000 கட்டுகிறீர்கள். மீதி 19,000க்கு வட்டி ஜூலை 1லிருந்து தொடங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வழக்கமான கணக்குப்படி அது பொருள் வாங்கிய மே 15க்கே பின்னால் போய்விடும். அடுத்த பில் வரும் ஜூலை 10 வரை, இரண்டு நாளையும் சேர்த்து 57 நாள்.

```
19,000 × 57 × 42 ÷ (365 × 100) = 1,246
```

பில்லில் ஃபைனான்ஸ் சார்ஜ் என்று வருவது இதுதான். கட்டியது 1,000, ஏறியது 1,246. பாக்கி இப்போது 20,246! சில வங்கிகள் கட்டிய 1,000க்கும் கட்டிய நாள் வரை வட்டி போடும், வரி இருந்தால் அதுவும் சேரும்.

இதைவிட அதிகம் பேர் கவனிக்காதது இன்னொன்று. பாக்கி நிற்கும்வரை புதிய செலவுகளுக்கும் கிரேஸ் பீரியட் கிடையாது. ஜூலை 5 அன்று 5,000க்கு ஏதாவது வாங்கினால் அதற்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

அதனால் முடிந்தால் 20,000ஐயும் கட்டிவிடுங்கள். முடியாவிட்டால் இயன்றவரை அதிகமாக, கையில் பணம் வந்த அன்றே கட்டுங்கள். வட்டி நாள் கணக்கில் ஓடுவதால் கடைசித் தேதிவரை காத்திருப்பதில் லாபமில்லை. பாக்கி தீரும்வரை அந்தக் கார்டைத் தேய்க்காதீர்கள். முழுவதும் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் சிறிய வட்டித் தொகை வரலாம். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் கட்டிவிட்டு, அதற்கடுத்த பில்லில் ஃபைனான்ஸ் சார்ஜ் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் சலுகை பொதுவாகத் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஆட்டோ பே போட்டிருந்தால் உடனே திறந்து பாருங்கள். அதில் மினிமம் டியூ தேர்வாகியிருந்தால் மொத்தத் தொகைக்கு மாற்றிவிடுங்கள்.