தேத்தண்ணி கொட்டினால் எத்தனை நிமிடம் தண்ணீர் ஊற்றணும்?

"ஒன்றரை வயது மகள் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்ததில் சுடச்சுட தேத்தண்ணி கையிலும் நெஞ்சிலும் கொட்டிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றினோம், குளிர் பிடிக்கும் என்று மாமி நிறுத்திவிட்டு பற்பசை பூசினார். சரியா? – ஹட்டனிலிருந்து ஒரு தாய்"

தண்ணீர் ஊற்றியது சரி, நிறுத்தியதுதான் பிழை. கணக்கு 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மூன்று நிமிடமே அரை மணி நேரம் மாதிரி இருக்கும். மேல்தோல் ஆறிவிட்டாலும் உள்ளே சூடு நின்று தோலைச் சுட்டுக்கொண்டே இருக்கும், அதை இறக்கத்தான் இவ்வளவு நேரம்.

ஆனால் அதற்கு முன்னால் உடுப்பு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர் என்று போட்டிருப்போம், கம்பளி சுடுதண்ணியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். உடனே கழற்றுங்கள், நனைந்த பெம்பர்ஸையும்தான். தோலோடு ஒட்டிக்கொண்டதை மட்டும் இழுக்காமல் சுற்றி வெட்டிவிடுங்கள். கை வீங்க முன்னரே வளையலையும் கழற்றிவிட வேண்டும்.

மாமி பயந்ததிலும் நியாயம் இருக்கிறது, மலைநாட்டுக் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரிதான் வரும், சின்னப் பிள்ளைக்கு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்காகப் பிள்ளையை முழுதாக பீலிக்குக் கீழே பிடிக்காதீர்கள். தலைக்குத் தொப்பி போட்டு, மற்ற உடம்பைக் கம்பளியால் சுற்றி, சுட்ட இடத்தில் மட்டும் குழாய்த் தண்ணீர் மெதுவாக ஓடட்டும். குழாய் இல்லையா, வாளியிலிருந்து கோப்பையால் விடாமல் ஊற்றுங்கள். பிள்ளை நடுங்கி, உதடு நீலமானாலோ சோர்ந்து தூங்கப் பார்த்தாலோ நிறுத்திவிட்டுச் சூடாகப் போர்த்துங்கள். ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும்.

பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள், முட்டை வெள்ளை, மை, கோப்பித் தூள் எதுவும் பூசக்கூடாது. இவை சூட்டை இறக்குவதில்லை. ஆஸ்பத்திரியில் புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்க இவற்றை உரசித்தான் எடுக்க வேண்டிவரும், பிள்ளைக்கு அது இரண்டாவது வேதனை. ஏற்கனவே பூசிவிட்டீர்களா, தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். கொட்டி மூன்று மணி நேரம் ஆகாவிட்டால் அந்த 20 நிமிடத்தை இப்போதும் ஊற்றலாம், பலன் உண்டு.

அப்புறம் சமையலறையில் சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து வையுங்கள், கையைச் சுற்றி இறுக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் துவைத்த வெள்ளைத் துணி போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

உங்கள் மகளுக்குக் கையோடு நெஞ்சும் பட்டிருக்கிறது, அதனால் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும். பொதுவாகப் பிள்ளையின் சொந்த உள்ளங்கையை விரலோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், அதைவிடப் பெரிய காயம் என்றாலோ, முகம், கை, கால் பாதம், மறைவிடம், மூட்டு என்றாலோ, தோல் வெள்ளையாகி வலியே தெரியாவிட்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. தோட்டத்து லொறிக்குக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், இலவசம்தான். போனதும் எத்தனை மணிக்குக் கொட்டியது, எத்தனை நிமிடம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று இரண்டையும் சொல்லுங்கள், டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.